மிளகுவுக்கு அடுத்த ஊசி எப்போது? அட்டையில் "முடிந்தது" என்று எழுதியிருக்கிறது

கன்னங்குறிச்சி வாசகி | 20 மார்ச் 2025, இரவு 9.40

சென்ற சனிக்கிழமை ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தோம். கறுப்பு நிறம் என்பதால் மிளகு என்று பெயர் வைத்திருக்கிறோம். சிப்பிப்பாறை கலப்பு என்று சொன்னார்கள். பிறந்த நாள் ஜனவரி 26. அதாவது இன்றைக்கு 53 நாட்கள். வளர்த்து விற்றவர் கொடுத்த தடுப்பூசி அட்டையில் 30ஆம் நாள் ஒன்று, 45ஆம் நாள் ஒன்று என இரண்டு ஊசிகள் குறிக்கப்பட்டு, கீழே "முடிந்தது, இனி ஒரு வருடம் கழித்து" என்று எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இரண்டு ஊசியோடு உண்மையிலேயே முடிந்துவிட்டதா? உணவு எத்தனை வேளை, வெளியே எப்போது அழைத்துப் போகலாம் என்பதையும் சேர்த்து ஓர் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க விரும்புகிறேன். கோடையில் பெரும்பாலான வார இறுதிகளில் ஏற்காட்டில் நாகலூரிலுள்ள அப்பா வீட்டுக்குப் போவோம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சூரமங்கலம் | 20 மார்ச், இரவு 10.15

இரண்டு ஊசி போட்டதே அதிகம் என்பேன். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியை மூன்று மாதம் வரை காக்கும். அதற்கு முன் எதைப் போட்டாலும் அந்தச் சக்தி ஊசியைச் செயலிழக்கச் செய்துவிடும். மூன்று மாதம் முடிந்ததும் ஒரே ஒரு ஊசி போடுங்கள், போதும். நான் வளர்த்த மூன்று நாய்களுக்கும் அப்படித்தான் செய்தேன்.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 21 மார்ச், காலை 6.05

சூரமங்கலம் நண்பர் சொன்னதில் பாதி சரி. தாயிடமிருந்து வரும் காப்பு ஊசியைச் செயலிழக்கச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காப்பு எல்லாக் குட்டிகளுக்கும் மூன்று மாதம் வரை நீடிப்பதில்லை. பிறந்த முதல் நாளில் எந்தக் குட்டி எவ்வளவு சீம்பால் குடித்தது, தாயின் உடலில் எவ்வளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது என்பதைப் பொறுத்து, ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே ஒன்றுக்கு ஆறாவது வாரத்தில் தீர்ந்துபோகும், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரம் வரை இருக்கும். இவற்றுக்கிடையே ஒரு பொல்லாத காலமும் உண்டு: நோயைத் தடுக்கும் அளவுக்குக் காப்பு போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். பார்வோ நோய் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு அல்லது எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். எத்தனை ஊசி போட்டீர்கள் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை, கடைசி ஊசி போட்ட அன்று குட்டிக்கு எத்தனை வாரம் என்றுதான் கேட்பேன்.

சகோதரி, 30ஆம் நாள் ஊசியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வயதில் அது பிடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 45ஆம் நாள் ஊசியை முதலாவதாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அட்டையில் ஒன்றைப் பாருங்கள்: ஊசி மருந்துக் குப்பியின் சிறு ஒட்டுச்சீட்டு அந்த வரிசையில் ஒட்டப்பட்டிருக்கிறதா?

கன்னங்குறிச்சி வாசகி | 21 மார்ச், இரவு 8.20

ஐயா, இப்போதுதான் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். 45ஆம் நாள் வரிசையில் ஒட்டுச்சீட்டு இருக்கிறது. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாகத் தெரிகின்றன, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ளன. 30ஆம் நாள் வரிசையில் ஒட்டுச்சீட்டு இல்லை, வெறும் தேதி மட்டும். "முடிந்தது" என்ற சொல்லும் அந்தத் தேதியும் ஒரே பச்சை மையில் இருக்கின்றன. மருத்துவர் நீல மையில் எழுதியிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 22 மார்ச், காலை 5.50

ஒட்டுச்சீட்டு இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகவே கொள்ளுங்கள். உங்கள் குட்டிக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன், உங்கள் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். மார்ச் 12 முதல் ஊசி. ஏப்ரல் 6 அன்று பத்து வாரம் நிறைகிறது, அன்று இரண்டாவது. ஏப்ரல் 27, பதின்மூன்று வாரம், மூன்றாவது. மூன்று மாதம் கடந்துவிடுவதால் வெறிநோய்த் தடுப்பூசியையும் அன்றே போடலாம். மே 18, பதினாறு வாரம், நான்காவது. வெறிநோய்க்கான மறு ஊசியும் அன்றைக்கே. அதன்பின் ஓர் ஆண்டு கழித்து.

குடற்புழு மருந்தை மறந்துவிடாதீர்கள். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது என்பதால் கொடுக்கும் அன்றே எடை பார்க்க வேண்டும். போன மாத எடைக்குக் கொடுத்தால் மருந்து போதாது.

அம்மாபேட்டை | 22 மார்ச், பிற்பகல் 1.30

எங்கள் கதையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் குட்டி எழுபத்தைந்தாவது நாளில் பார்வோவில் இறந்துவிட்டது. இரண்டு ஊசி போட்டிருந்தோம். முதல் நாள் சோர்ந்து படுத்தது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவில் வாந்தி, விடிந்தபோது இரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். நான் கேட்க வந்தது வேறு: அந்தக் குட்டி இருந்த அதே பின்கட்டில் இப்போது இன்னொரு குட்டியை விடலாமா? வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம்.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 22 மார்ச், இரவு 9.00

பார்வோ கிருமிக்குப் பினாயில் பலிக்காது, அம்மா. துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. முதலில் சோப்பு நீரால் அழுக்கை நீக்கிவிட்டு, பிறகு இந்தக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பயனில்லை. சிமெண்ட் தரைக்கு இது சரி; மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது, அங்கே கிருமி ஓராண்டு வரைகூடத் தங்கும். உங்கள் பின்கட்டு மண்ணாக இருந்தால், புதுக்குட்டிக்கு 16 வார ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும் வரை அங்கே இறக்காதீர்கள்.

சூரமங்கலம் | 23 மார்ச், காலை 7.10

ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். என் நாய்கள் தப்பியது என் கணக்கு சரி என்பதால் அல்ல என்று இப்போது புரிகிறது. உணவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: காலையும் மாலையும் பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொடுங்கள், நன்றாக வளரும்.

கன்னங்குறிச்சி வாசகி | 27 மார்ச், இரவு 10.05

பாலும் பிஸ்கட்டும் மூன்று நாள் கொடுத்தோம். மூன்றாம் நாள் மலம் கூழாகிவிட்டது, பார்வோ என்று நினைத்து நடுங்கிப்போனேன். மருத்துவர் குட்டியின் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த இடம் உடனே மீண்டும் சிவந்தது. கழுத்துத் தோலை இழுத்து விட்டபோதும் சட்டென்று படிந்துவிட்டது. குட்டி அவருடைய காலணி நாடாவைக் கடித்துக்கொண்டிருந்ததையும் காட்டி, "இது பார்வோ குட்டியின் நடத்தை இல்லை" என்றார். ஐயம் தீரட்டும் என்று மலத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டதில் ஒரு கோடுதான் வந்தது. பசும்பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் வந்த கழிச்சல்தான், பாலை நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார். நிறுத்தினோம், இரண்டே நாளில் சரியாகிவிட்டது.

இப்போது நான்கு வேளை: காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 9. இரண்டு வேளை குட்டிகளுக்கான பாக்கெட் உணவைச் சுடுநீரில் ஊறவைத்துத் தருகிறோம். மற்ற இரண்டு வேளை குழைய வேகவைத்த சோற்றில் எலும்பு நீக்கிய கோழிக்கறி, அல்லது ஒரு வேகவைத்த முட்டை. உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் இல்லை. பதினைந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுகிறோம். தட்டு எப்போதும் நிரம்பியிருந்தால் குட்டிக்குப் பசி குறைந்திருப்பதே நமக்குத் தெரியாமல் போகும் என்று மருத்துவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகப் பட்டது.

புழு மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் வேகவைத்த சேமியா போல நான்கைந்து வெள்ளைப் புழுக்கள் வந்தன. பானை போல உப்பியிருந்த வயிறு இப்போது வற்றியிருக்கிறது. அதை நாங்கள் இத்தனை நாள் கொழுகொழுப்பு என்று நினைத்திருந்தோம்.

நாகலூர் தோட்டம் | 30 மார்ச், மாலை 5.15

இங்கே மலையில் எங்கள் நாய்களுக்குக் கேழ்வரகுக் களியும் மிச்சச் சோறும்தான், ஊசி என்று எதுவும் போட்டதில்லை. கேள்வி எனக்கு வேறு. எங்கள் நாய் சென்ற வாரம் காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தில் வேலையாள் ஒருவரை லேசாகப் பல் படக் கடித்துவிட்டது. நாய்க்கு இப்போது ஊசி போட்டுவிட்டால் அவருக்குப் போட வேண்டியதில்லைதானே?

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 30 மார்ச், மாலை 6.00

தம்பி, இதைப் படித்தவுடன் அவரை ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடித்த பின் நாய்க்குப் போடும் ஊசி கடிபட்டவரைக் காக்காது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும்; ஒரு வாரம் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல் இன்றே முதல் ஊசி போட்டாக வேண்டும். நாயைக் கட்டிவைத்துக் கடித்த நாளிலிருந்து பத்து நாள் கவனியுங்கள். தடுப்பூசி போட்ட நாய் கடித்தாலும் மருத்துவரைப் பார்ப்பதில் மாற்றமில்லை.

நாகலூர் தோட்டம் | 31 மார்ச், காலை 11.20

நேற்றிரவே அழைத்துப் போனோம். முதல் ஊசி போட்டாகிவிட்டது. நாய் நன்றாகத் தின்கிறது. நன்றி ஐயா.

கன்னங்குறிச்சி வாசகி | 6 ஏப்ரல், பகல் 12.30

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. எடை 5.4 கிலோ. ஞாயிறுதோறும் நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நிற்பேன். பிறகு தனியாக நிற்பேன். வித்தியாசத்தை நாட்காட்டியில் எழுதுவேன்.

ஓர் ஐயம். வரும் 18ஆம் தேதி நாகலூர் போகிறோம், ஒருவேளை 27ஆம் தேதி வரை அங்கேயே தங்க நேர்ந்தால் மூன்றாவது ஊசியை இங்கேயே மருந்துக் கடையில் வாங்கி எடுத்துப் போய் மேலே போட்டுக்கொள்ளலாமா?

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 6 ஏப்ரல், இரவு 8.45

வேண்டாம் என்பதே என் விருப்பம். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகும்வரை சட்டைப் பையில் இருந்த குப்பி, பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே உயிர் இருக்காது. பணியில் இருந்தபோது தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டியை வைத்து, அது குப்பியைத் தொடாதபடி நடுவே காகிதம் சுற்றித்தான் எடுத்துப் போவோம். உறைந்தாலும் வெறிநோய் மருந்து கெட்டுவிடும். தூளையும் நீர்மத்தையும் கலந்துவிட்டால் உடனே போட்டுவிட வேண்டும். இத்தனையையும் வீட்டார் செய்வதைவிட, 27ஆம் தேதி குட்டியைக் கீழே கொண்டுவருவது எளிது.

சூரமங்கலம் | 9 ஏப்ரல், இரவு 9.30

நடைப்பயிற்சி பற்றி யாரும் பேசவில்லையே. நான்கு மாதம் முடியும் வரை வாசற்படி தாண்டக் கூடாது என்பதுதானே விதி?

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 10 ஏப்ரல், காலை 6.20

நானும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். என் சொந்த நாயை அதே விதிப்படி வளர்த்தேன். நோய் எதுவும் வரவில்லை, ஆனால் வாழ்நாள் முழுதும் இருசக்கர வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. குடை விரித்தால் நடுங்கியது. குட்டி உலகத்தைப் பழகும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். ஊசிகள் முடிவதற்குள் அது முடிந்துவிடுகிறது. எனவே இப்போது இப்படிச் சொல்கிறேன்: தரையில் இறக்காதீர்கள், ஆனால் தினமும் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பேருந்துச் சத்தம், கோவில் மணி, குழந்தைகள், தலையில் சுமையோடு போகிறவர், எல்லாவற்றையும் கையிலிருந்தபடியே பார்க்கட்டும். ஊசி போட்ட, நலமாக இருக்கும் பெரிய நாய் உள்ள உறவினர் வீட்டில் விளையாடலாம். தெருநாய்கள் கழிக்கும் இடம், மருத்துவமனைத் தரை இரண்டும் ஆகாது. மருத்துவமனையில் மடியிலேயே வைத்திருங்கள்.

அம்மாபேட்டை | 10 ஏப்ரல், பகல் 2.00

இழந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கையில் தூக்கிக்கொண்டுகூட நான் போக மாட்டேன். பயந்த நாயை வைத்துக்கொள்ளலாம், இறந்த நாயை என்ன செய்வது?

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 10 ஏப்ரல், மாலை 4.40

இதில் நான் உங்களோடு வாதாட மாட்டேன், அம்மா. கிருமி இருந்த வீட்டுக்கு உங்கள் எச்சரிக்கையும் பொருந்தும்.

கன்னங்குறிச்சி வாசகி | 27 ஏப்ரல், இரவு 9.15

இன்று ஊசி போடவில்லை. நாகலூரில் 18 முதல் 20 வரைதான் தங்கினோம். சிமெண்ட் முற்றத்தில்தான் விட்டோம், ஆனால் காப்பிச் செடிகளின் நிழல் முற்றத்தின் விளிம்பு வரை வருகிறது. 20ஆம் தேதி எடை 6.8, இன்று காலை 6.7. ஒரு வாரத்தில் ஏறவேண்டிய எடை குறைந்திருந்தது, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த அறிகுறி. மற்றபடி வாலை ஆட்டியது, காலை உணவில் பாதியைத் தின்றது.

மருத்துவமனையில் வெப்பம் 103.8. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு என்றார் மருத்துவர். ஊசியை எடுத்துவைத்தவர் அதைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு பாதத்தையும் விரித்துப் பார்த்தார். முன்னங்காலின் இரண்டு விரல்களுக்கிடையே ஆமணக்கு விதை போல ஊதிய ஓர் உண்ணி. நான் தினமும் தடவிக்கொடுக்கும் கால் அது. ஈறு மல்லிகைப்பூ போல வெளுத்திருந்தது. காது நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல் உறுதியாயிற்று. சிகிச்சை தொடங்கிவிட்டது. காய்ச்சலோடு இருக்கும் உடலில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். என் கேள்வி: இடைவெளி கூடிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 28 ஏப்ரல், காலை 5.40

தொடங்க வேண்டாம். ஏப்ரல் 6இலிருந்து மே 11 வரை ஐந்து வாரம். நான்கு வாரத்துக்கு மேல் ஒரு வாரம் கூடியதால் போட்டது வீணாகாது. மே 11 மூன்றாவதும் வெறிநோய் ஊசியும். ஜூன் 1 நான்காவதும் மறு ஊசியும். ஜூன் 1 அன்று 18 வாரம். நாம் காத்திருந்த 16 வார எல்லைக்கு அப்பால்தான் கடைசி ஊசி விழுகிறது, அதுவே முக்கியம். ஆனால் தெருவில் இறக்கும் நாள் தள்ளிப்போகும்: ஜூன் 15.

நான் எழுதித் தந்த அட்டவணையில் ஒரு குறை இருந்தது, அதைத் திருத்திக்கொள்கிறேன். மலைக்குப் போகும் குட்டிக்கு உண்ணி மருந்தையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். பெரிய நாய்க்குரியதைக் குட்டிக்குத் தடவக் கூடாது. மருந்து இருந்தாலும் தினம் மாலையில் கைகளால் பாருங்கள்: காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு. கண்ணைவிட விரல் நுனிக்கு முதலில் தெரியும்.

நாகலூர் தோட்டம் | 28 ஏப்ரல், இரவு 7.30

அக்கா, நம் பக்கம் மழைக்கு முந்தைய இந்த மாதங்களில் உண்ணி அதிகம். பிடுங்கும்போது எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், கையால் நசுக்காதீர்கள். எங்கள் நாய்க்குப் பத்து நாள் கடந்தும் ஒன்றும் இல்லை. வேலையாளும் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார். எங்கள் நான்கு நாய்களுக்கும் வெறிநோய் ஊசி போட்டுவிட்டோம்.

கன்னங்குறிச்சி வாசகி | 11 மே, பகல் 1.10

எடை 8.1 கிலோ, வெப்பம் 101.6, ஈறு சிவந்திருக்கிறது. மூன்றாவது ஊசியும் வெறிநோய் ஊசியும் போட்டாகிவிட்டது. ஒட்டுச்சீட்டுகள் இரண்டையும் நானே அட்டையில் ஒட்டினேன். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம், சற்றுத் தூக்கம். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே வரவேண்டும் என்று சொல்லி, அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள். இந்த மாதம் கோடை விழாவுக்காக ஏற்காட்டில் கூட்டமாக இருக்கும். மிளகு கீழேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.

சூரமங்கலம் | 2 ஜூன், இரவு 9.50

நேற்று நான்காவது முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இனி ஆண்டுதோறும் எல்லா ஊசிகளும் தேவையா? பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்கும் அடுத்த ஆண்டு ஒன்று போட்டபின் மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்று வெளிநாட்டு மருத்துவர்கள் சொல்வதாகப் படித்தேன்.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | 3 ஜூன், காலை 6.10

உலக அளவிலான பரிந்துரை நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அதே கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது, அதன் காப்பு ஓராண்டுதான். மழைநீர் தேங்கி எலிகள் திரியும் ஊரில் அதை விட முடியாது. வெறிநோய் ஊசியை இங்கே ஆண்டுதோறும் போடுவதே வழக்கம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். மற்றவற்றைப் பிரித்துப் போடுவதா என்பதில் இரண்டு நல்ல மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கன்னங்குறிச்சி வாசகி | 15 ஜூன், காலை 7.05

இன்று ஐந்தே முக்காலுக்கு மிளகுவை முதன்முறையாகத் தெருவில் இறக்கினேன். புறப்படும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. நேற்று மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் கையை மூன்று நொடிகூட வைக்க முடியவில்லை, எனவே மாலை நடை இருட்டிய பிறகுதான். மூக்கனேரிக் கரை வரை போக நினைத்திருந்தோம். பால்காரர் வண்டி, வாசல் தெளிக்கும் வாளி, ஒரு கோழி என்று ஒவ்வொன்றாய் நின்று முகர்ந்ததில் தெருமுனையிலேயே இருபது நிமிடம் ஆகிவிட்டது, திரும்பிவிட்டோம். வண்டிச் சத்தத்துக்குப் பயப்படவில்லை. விரலிடுக்குகளைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எடை 10.6. உணவு இப்போது மூன்று வேளை. ஜூலை 26க்குப் பிறகு இரண்டு வேளையாக்குவோம். அடுத்த குடற்புழு மருந்து ஜூன் 22.

அம்மாபேட்டை | 15 ஜூன், காலை 9.30

நாங்கள் ஒரு குட்டி எடுத்திருக்கிறோம், ஐயா. இன்றைக்கு 47 நாட்கள். பின்கட்டுக்கு சிமெண்ட் போட்டுவிட்டோம். முதல் ஊசிக்கு நாளை போகிறேன். ஒட்டுச்சீட்டைப் பார்த்து வாங்கி வருகிறேன்.